முன் பெஞ்சுக்கு நான்கு எல்லைகள்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் பதிவு அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகையின் கீழ் மூன்றாவது மேசை போட்டு உட்கார்ந்த இருபத்தாறு வருடத்தில் அந்தப் பெயர் தேய்ந்து போய், 'பத்திரம்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. வீடு விற்கிறவர், வாங்குகிறவர், அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறவர்கள், எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். அவர் எழுதிய பத்திரம் ஒன்றுகூட, வாசகம் சரியில்லை என்று உள்ளேயிருந்து திரும்பி வந்ததில்லை. அது அவருக்கு இருந்த ஒரே கர்வம். ஒன்றே ஒன்று என்றாலும் ஆள் உயரத்துக்கு இருந்தது.

வாயைத் திறந்தால் நம்மைப் போலத்தான் பேசுவார். "டீ சூடா இல்லப்பா", "கொசு பிடுங்குது" என்றெல்லாம் சாதாரணமாகச் சொல்வார். கையில் பேனா ஏறிவிட்டால்தான் வேறு ஆள். பால்காரருக்கு, நாளை பால் வேண்டாம் என்று கதவில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். அவர் ஒட்டிய சீட்டு இப்படி இருந்தது: 'மேற்படி வீட்டில் வசிக்கும் நாங்கள் நாளைய தினம் ஒரு நாளைக்கு மட்டும் தங்களிடமிருந்து பால் பெறும் உரிமையை மனப்பூர்வமாய் விட்டுக்கொடுத்திருக்கிறோம்.' பால்காரர் படித்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர்கள் ஊரைக் காலி செய்கிறார்கள் என்று முடிவு கட்டி, ஒரு வாரம் பால் போடவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் மனைவிக்கு அவர் எழுதிய காதல் கடிதத்திலும் கடைசியில் 'இதில் அடித்தல் திருத்தல் ஏதும் இல்லை' என்று இருந்தது. "அந்த ஒரு வரிக்காகத்தான் நம்பிக் கட்டிக்கிட்டேன்" என்று அந்த அம்மாள் இன்றைக்கும் சொல்கிறார். சிரித்துக்கொண்டு சொல்கிறாரா, நொந்துகொண்டு சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு திங்கட்கிழமை மத்தியானம், அவருடைய தங்கையும் தங்கை புருஷனும் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

தங்கை புருஷன் பிரிட்ஜ் மெக்கானிக். கையில் ஸ்பேனர் இல்லாவிட்டால் அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத மனுஷன். எழுத்து என்றால் அவருக்கு 'காஸ் இல்லை. அடைத்தேன்' என்கிற அளவுதான். அவர் எழுதிக் கொண்டுவந்த கடிதமும் அந்த அளவில்தான் இருந்தது.

'பிரின்சிபால் மேடத்துக்கு. என் பொண்ணுக்கு இடது காது அடைச்சிருக்கு. பின்னாடி உக்காந்தா கேக்கல. முன்னாடி உக்கார வைங்க. உடனே. இப்படிக்கு, அப்பா.'

பத்திரம் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வாலைப் பிடித்து எலியைத் தூக்குகிற மாதிரி.

"என்ன மாப்ள இது? கடுதாசியா, பிரிட்ஜ் பில்லா?"

"விஷயம் அவ்வளவுதானே மச்சான்!"

விஷயம் அவ்வளவுதான். ஆனால் அது வீட்டில் எல்லோருடைய தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டிருந்தது. தங்கையின் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வயதுக்கு மீறிய உயரம். அதனால் வீட்டில் அவளுக்கு 'நெட்டச்சி' என்று பெயர். போன மாதம் சளிக் காய்ச்சல் வந்து போனதிலிருந்து அவளுக்கு இடது காது மந்தம். காதுக்குள்ளே நீர் கோத்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, மருந்தில் சரியாகிவிடும், இரண்டு மூன்று மாதம் பிடிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதுவரை வகுப்பில் முன்வரிசையில், வலது காது டீச்சர் பக்கம் இருக்கிற மாதிரி உட்காரட்டும் என்று சீட்டிலும் எழுதிக் கொடுத்திருந்தார்.

பள்ளியிலோ உயரப்படிதான் இடம். குள்ளமானவர்கள் முன்னால், வளர்ந்தவர்கள் பின்னால். வருட ஆரம்பத்தில் பிரின்சிபால் போட்ட உத்தரவு அது. நெட்டச்சிக்குக் கடைசி பெஞ்சு, அதிலும் வலது கோடி. கேட்காத காதுதான் வகுப்பைப் பார்த்தபடி இருந்தது. நல்ல காதுக்குச் சுவர்தான் துணை.

"அவளுக்குக் கேக்கலன்னு சொல்லவும் வெக்கம்ண்ணே" என்றாள் தங்கை. "யாரு என்ன கேட்டாலும் தலையை ஆட்டிடுறா. அப்படி ஆட்டி ஆட்டியே பேச்சுப் போட்டி, குழுப்பாட்டு, தோட்டத்துக்குத் தண்ணி ஊத்துற குழு, எல்லாத்துலயும் சேர்த்துட்டாங்க. வெள்ளிக்கிழமை ஜன்னலை ஒடைச்சது யாருன்னு கேட்டிருக்காங்க. அதுக்கும் ஆட்டிட்டு வந்திருக்கா."

"ஒடைச்சாளா?"

"ஒடைஞ்ச அன்னைக்கு அவ ஸ்கூலுக்கே போகல."

இத்தனைக்கும் மேல் இன்னும் பன்னிரண்டு நாளில் பரீட்சை வந்துகொண்டிருந்தது. அதில் டீச்சர் வாசிக்க வாசிக்கக் கேட்டு எழுதுகிற தேர்வு ஒன்று உண்டு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் வெள்ளைத் தாளைத்தான் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

வகுப்பு டீச்சர் நல்லவர். இடத்தை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. பிரின்சிபாலுக்குப் பெற்றோர் விண்ணப்பம் கொடுத்தால் அவர் அனுமதிப்பார் என்றார். மெக்கானிக் கடிதத்தை நீட்டியதும் டீச்சர் படித்துவிட்டு முகம் வெளுத்துப் போனாராம். "இதை அப்படியே குடுத்தா மேடம் என்னையும் சேர்த்து பெஞ்சு மேல ஏத்திடுவாங்க சார். கொஞ்சம் மரியாதையா எழுதிக்கிட்டு வாங்க."

"மரியாதையாவா?" பத்திரம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க."

முதலில் 'உக்கார வைங்க' என்ற வார்த்தையை எடுத்துக்கொண்டார். ஒரு பிரின்சிபாலைப் பார்த்து 'வைங்க' என்பதா? அது கட்டளை. 'அமர்த்தும்படி' என்று மாற்றினார். அதுவும் போதவில்லை. 'அமர்ந்துகொள்ளத் தாங்கள் திருவுள்ளம் இரங்கி அனுமதி நல்கும்படி' என்று நீட்டினார். 'உடனே' என்பதை அடித்தார். 'என் பொண்ணு' என்பது அவர் கையில் 'இதனடியில் விவரிக்கப்பட்டுள்ள, என் ஆதரவில் இருந்து வரும் மைனர் குமாரத்தி' ஆயிற்று. பிரின்சிபாலுக்கு அடைமொழி போடவே முக்கால் பக்கம் பிடித்தது.

மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "மச்சான், நம்ம பொண்ணு எங்க வர்றா?"

"ரெண்டாம் பக்கம் வருவா மாப்ள. அவசரப்பட்டா மரியாதை இருக்காது."

"காது?"

"மூணாம் பக்கம்."

அதோடு நின்றிருந்தால்கூடச் சேதாரம் குறைவாக இருந்திருக்கும். ஆனால் பத்திரத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. 'முன்னாடி' என்றால் எங்கே? முன்வரிசையில் எந்த இடம்? எல்லை இல்லாமல் ஓர் இடத்தைக் குறிப்பிடுவது அவர் தொழிலில் பெரிய பாவம். எல்லை சரியாக எழுதாததால் நாசமாய்ப் போன குடும்பங்களை அவருக்குத் தெரியும். அன்று சாயங்காலமே நெட்டச்சியைக் கூப்பிட்டு, கையில் டேப்பைக் கொடுத்து, மறுநாள் முன் பெஞ்சை அளந்து படம் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்.

"எதுக்கு மாமா?" என்றாள் அவள், வலது காதை அவர் பக்கம் திருப்பி.

"நாளைக்கு எவளாவது உன்னை நகரு நகருன்னு சொல்லக் கூடாதில்ல?"

அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. அப்பாவின் டேப்போடு போய் அளந்துகொண்டு வந்தாள். பிறகு கடிதத்தின் நான்காம் பக்கத்தில் இது ஏறியது:

'மேற்படி வகுப்பறையில் முதல் வரிசை பெஞ்சில் வடகோடி இருக்கைக்கு எல்லைகளாவன: ஆசிரியை நின்று பாடம் சொல்லும் மேடைக்கு மேற்கு, ஜன்னல் வைத்த சுவருக்குத் தெற்கு, இரண்டாம் வரிசை பெஞ்சுக்குக் கிழக்கு, பக்கத்து மாணவியின் இருக்கைக்கு வடக்கு. இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட, கிழமேல் அடி ஒன்றே கால், தென்வடல் அடி ஒன்றே முக்கால் கொண்ட இடத்தை மேற்படி மைனர் குமாரத்தி யாதொரு தடையுமின்றிச் சர்வ சுதந்திரமாய் அனுபவித்துக்கொள்ள வேண்டியது.'

தங்கை அதைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "அண்ணே, அவ காது சரியாகிற வரைக்கும் உக்காரத்தான் கேக்குறோம். நீ பேரன் பேத்திக்கெல்லாம் சேர்த்து எழுதிவச்சுருவ போலிருக்கே."

"அந்த வரியும் இருந்துச்சும்மா. நாந்தான் அடக்கமா இருக்கட்டும்னு எடுத்துட்டேன்."

சொத்துப் பத்திரம் எழுதுகிற கெட்டித் தாளில் ஐந்து பக்கம் எழுதி முடித்தார். பக்கத்து மேசை டைப்பிஸ்டும் டீக்கடைக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மெக்கானிக் கையெழுத்துப் போட்டார். ஐந்தாவது பக்கம் வரும்போது அவர் கையெழுத்தே மாறிப் போயிருந்தது. கடைசியாக மெக்கானிக் டாக்டர் சீட்டை எடுத்து, "இதையும் பின் பண்ணிடலாமா?" என்று கேட்டார்.

பத்திரம் பதறிப் போய் அதைப் பிடுங்கினார். "இதுதான்யா தாய்ப்பத்திரம்! இதை யாராவது கையை விட்டுக் குடுப்பாங்களா? பீரோவுல வைங்க. அவங்களா கேட்டா காட்டலாம்."

புதன்கிழமை மெக்கானிக் அதைப் பள்ளி அலுவலக ஜன்னலில் கொடுத்தார். கொடுக்கும்போதே போன் அடித்தது; எங்கோ ஒரு கடையில் ஐஸ்கிரீம் பெட்டி நின்றுபோய் எல்லாம் உருகிக்கொண்டிருந்ததாம். "ஓடி வாங்க சார்" என்று அவர்கள் கத்த, இவர் ஓடிவிட்டார்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்த கிளார்க் அம்மாள் கடிதத்துக்கு முத்திரை குத்தி, எண் போட்டு, வந்த தபால் பதிவேட்டைத் திறந்தார். அதில் 'பொருள்' என்று ஒரு கட்டம் உண்டு. எந்தக் கடிதமானாலும் மேலே 'பொருள்' என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்து அப்படியே கட்டத்தில் எழுதிவிட்டு, அதற்குரிய கோப்பில் வைப்பது அவருடைய வேலை. இருபத்தாறு வருடம் பத்திரம் எழுதினவருக்குப் பொருள் என்று ஒரு வரி எழுதும் பழக்கமே இல்லை. கிளார்க் அம்மாள் முதல் பக்கத்தைப் பார்த்தார். மேடத்தைப் பற்றிய வர்ணனை. இரண்டாம் பக்கம், வர்ணனை தொடர்ச்சி. அதற்குள் பின்னால் நின்றவர்கள் நெருக்க, நடுவை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். எல்லைகள். அளவு. சாட்சிகள்.

அந்தப் பள்ளிக்கும் பின்பக்கத்து மரக்கடைக்கும் இடையே ஒரு மதில் சுவர்த் தகராறு வெகு நாளாய் நடந்துகொண்டிருந்தது. அந்தக் கோப்பில் உள்ள காகிதங்களெல்லாம் இதே கெட்டித் தாளில், இதே மாதிரிதான் இருக்கும். கிளார்க் அம்மாள் யோசிக்கவே இல்லை. 'மதில் சுவர்' என்று எழுதினார். அந்தக் கோப்பில் புதிதாக எது வந்தாலும் வியாழக்கிழமை வக்கீல் அலுவலகத்துக்குப் போய்விடும். போய்விட்டது.

நெட்டச்சி தினமும் சாயங்காலம் வந்து கேட்டாள். "மாமா, பதில் வந்துச்சா?"

"வரும் கண்ணு. நல்ல வாசகத்தைப் படிக்க நேரம் எடுக்கும்."

"இன்னைக்கு மாறுவேடப் போட்டியிலயும் சேர்த்துட்டாங்க மாமா."

"என்ன வேஷம்?"

"தெரியல. தலையை ஆட்டிட்டேன்."

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. பள்ளியிலிருந்து இல்லை. மெக்கானிக் பெயருக்குப் பதிவுத் தபாலில், வக்கீலிடமிருந்து. மெக்கானிக் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, வண்டியைக்கூட எடுக்காமல் மச்சான் வீட்டுக்கு நடந்தே வந்தார். பின்னாலேயே தங்கையும் நெட்டச்சியும் வந்தார்கள்.

பத்திரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். "'எங்கள் கட்சிக்காரரான பள்ளி நிர்வாகத்துக்குப் பாத்தியப்பட்டு, முப்பது வருடத்துக்கு மேலாக அவர்கள் அனுபவத்தில் இருந்து வரும் இடத்தில், கிழமேல் அடி ஒன்றே கால், தென்வடல் அடி ஒன்றே முக்கால் கொண்ட பகுதியில், தாங்கள் எவ்வித உரிமையும் கொண்டாட இயலாது. அத்துமீறிப் பிரவேசிக்க முயன்றால்...'"

மெக்கானிக் தாளை எட்டிப் பார்த்தார். "பிரவேசிச்சா?"

பத்திரத்தின் முகத்திலோ வெளிச்சம் பரவியிருந்தது. "ஆகா! 'பாத்தியப்பட்டு'ன்னு எவ்வளவு அழகா ஆரம்பிச்சிருக்கான் பாரு! ஆளு தொழில் தெரிஞ்சவன் மாப்ள. ஆனா ஓர் எடத்துல கோட்டை விட்டுட்டான். நாலெல்லையில ஒண்ணைக்கூட அவன் மறுக்கல! இதுக்கு நான் ஒரு பதில் எழுதுறேன்..."

பேனாவைத் தேடி அவர் கை மேசைக்குப் போனது. தங்கை முந்திக்கொண்டு எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஏண்ணே, காது கேக்காதது எம் பொண்ணுக்கா, உனக்கா? நான் என்ன கேட்டேன், நீ என்ன எழுதின? ஒரு பெஞ்சு ஓரம் கேட்டேன். நீ எம் புருஷனுக்கு வக்கீல் நோட்டீஸ் வாங்கிக் குடுத்திருக்க!"

"இல்லம்மா, மரியாதையா..."

"மரியாதையா வாங்கிக் குடுத்திருக்க!"

பத்திரத்தின் மனைவி, நெட்டச்சியின் மாமி, சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "எனக்கு வந்த கடுதாசிக்கு நானும் அப்பவே வக்கீலைப் பார்த்திருக்கணும்" என்றுவிட்டு உள்ளே போனார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நெட்டச்சிக்கு அதில் பாதி காதில் விழவில்லை. அவள் எல்லோர் வாயையும் மாறி மாறிப் பார்த்து, வழக்கம் போலத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். எதற்கு ஆட்டுகிறோம் என்று தெரியாமல், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று, ஒரு சின்னச் சிரிப்போடு ஆட்டினாள். பத்திரம் அதைப் பார்த்தார். சத்தம் கொஞ்சம் அடங்கியதும் அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, நாளை மறுநாள் கேட்டு எழுதுற பரீட்சை. அதுக்குள்ள எடம் கிடைச்சிருமா?"

ஐந்து பக்கம் எழுதினவர் தங்கை பக்கம் திரும்பி, "நாளைக்கு நானும் ஸ்கூலுக்கு வர்றேன்" என்றார்.

மறுநாள் காலை பத்திரம், தங்கை, மெக்கானிக் மூன்று பேரும் பிரின்சிபால் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் சீட்டு பீரோவை விட்டு இறங்கித் தங்கையின் கைப்பைக்குள் வந்திருந்தது. பத்திரம் வெளுத்த சட்டை போட்டிருந்தார். பதிவு அலுவலகத்துக்குள் நிமிர்ந்து போகிறவர், இங்கே பிரம்பு வைத்திருப்பார்களோ என்கிற மாதிரி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே பிரின்சிபால் மேடத்தின் மேசையில் கோப்பு விரித்திருந்தது. கெட்டித் தாள் ஐந்தும் அதில் இருந்தன. வக்கீல் திருப்பி அனுப்பியிருந்தார் போலும்.

"இதை எழுதினது யாரு?"

மெக்கானிக்கும் தங்கையும் ஒரே நேரத்தில் நடுவில் இருந்தவரைக் கைகாட்டினார்கள்.

"நேத்துதான் முழுசாப் படிச்சேன்" என்றார் மேடம். "என்னைப் பத்திப் பத்தொன்பது இடத்துல எழுதியிருக்கீங்க. எங்க வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டினேன். அவர் ரெண்டு தரம் படிக்கச் சொன்னாரு. யாரைப் பத்தின்னு அவருக்குப் புரியல. குழந்தை ரெண்டே ரெண்டு இடத்துல வர்றா. அதுலயும் அவ பேரு இல்ல, வகுப்பு மட்டும் இருக்கு. காதுன்னு ஒரு வார்த்தை இருக்கு, எந்தக் காதுன்னு இல்ல. மதில் சுவரு கேட்டு வந்திருக்கீங்கன்னு எங்க கிளார்க்கு நினைச்சது தப்பே இல்ல சார்."

"மேடம், மரியாதை குறைஞ்சிடக் கூடாதுன்னு..." என்று பத்திரம் இழுத்தார்.

"குறையவே இல்ல. மூச்சு முட்டிடுச்சு."

தங்கை கைப்பையைத் திறந்து டாக்டர் சீட்டை மேசையில் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் சொன்னது நாலே வரி. "மேடம், காய்ச்சல் வந்ததுல இருந்து பாப்பாவுக்கு இடது காது சரியாக் கேக்கல. ரெண்டு மூணு மாசத்துல சரியாயிடும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் முன்வரிசையில ஜன்னலோரமா உக்காந்தா வலது காது டீச்சர் பக்கம் இருக்கும். நீங்க கொஞ்சம் மனசு வைக்கணும்."

மேடம் சீட்டைப் படித்தார். முகம் இளகியது. "இதுக்கா ஒன்பது நாளு! சரி, அனுமதி குடுக்குறேன். ஆனா எழுத்துல வேணும். உத்தரவை மாத்தினா கோப்புல காரணம் இருக்கணும். இப்பவே எழுதிக் குடுங்க. ஒரே பக்கம்." பத்திரத்தைப் பார்த்து விரலைத் தூக்கினார். "அதுலயும் முக்கால் பக்கம்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, பத்திரம் பேனாவைத் திறந்தார். வேர்த்தது. வாழ்க்கையில் எத்தனையோ பெரிய சொத்தை ஒரே மூச்சில் எழுதி முடித்தவருக்கு, ஒரு பெஞ்சு ஓரத்தை எழுத முடியவில்லை. ஜன்னலுக்குள்ளிருந்து கிளார்க் அம்மாள் தலையை நீட்டி, "சார், 'பொருள்' போடுங்க. தயவுசெஞ்சு 'பொருள்' போடுங்க. இல்லன்னா நான் மறுபடியும் வக்கீலுக்கு அனுப்பிடுவேன்" என்றார்.

பத்திரம் தங்கை பக்கம் திரும்பினார். "உள்ள மேடம்கிட்ட என்ன சொன்ன? அதையே மறுபடி சொல்லு."

அவள் சொன்னாள். அவர் எழுதினார். 'உக்காந்தா' என்பதை 'அமர' என்று தூக்கி வைத்தார். 'கொஞ்சம் மனசு வைக்கணும்' என்பதைப் 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று வைத்தார். அதற்கு மேல் கை ஓடியபோதெல்லாம் தங்கை முழங்கையால் ஓர் இடி இடித்தாள். கடிதம் இப்படி முடிந்தது:

'அனுப்புநர்: ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியின் தந்தை.
பெறுநர்: உயர்திரு முதல்வர் அவர்கள்.
பொருள்: மகளின் இருக்கையைத் தற்காலிகமாக மாற்றித் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். என் மகளுக்குக் காய்ச்சலுக்குப் பின் இடது காது சரியாகக் கேட்கவில்லை. இரண்டு மூன்று மாதங்களில் குணமாகும் என்று மருத்துவர் கூறியுள்ளார். அதுவரை அவள் முன்வரிசையில் ஜன்னல் ஓர இருக்கையில் அமர்ந்தால், வலது காதால் பாடத்தைக் கேட்க இயலும். நாளை கேட்டு எழுதும் தேர்வு இருப்பதால், இன்றே அவளை அங்கு அமர அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மருத்துவரின் சீட்டை இத்துடன் இணைத்துள்ளேன்.

நன்றி.
இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள...'

தங்கை சொல்ல, முதல் வரியில் 'மாணவியின்' என்பதற்கு முன்னால் மகளின் பெயரும் பளிச்சென்று ஏறியது. மெக்கானிக் கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு கையெழுத்து என்றதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

ஆனால் 'ஜன்னல் ஓர' என்பதற்கு முன்னால் 'நான்கெல்லைக்கு உட்பட்ட' என்று கை தன்னால் எழுதிவிட்டிருந்தது. தங்கை கண்ணை உருட்ட, அதை அடித்தார். அடித்த கை சும்மா இருக்குமா? ஓரத்தில் பொடி எழுத்தில், 'ஐந்தாம் வரியில் இரண்டு சொற்கள் அடித்தல்' என்று குறித்துச் சுருக்கொப்பமும் போட்டார். மேடம் அதைப் படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். அடியில் 'அனுமதி. வகுப்பாசிரியர் இன்றே மாற்றித் தரவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கிளார்க் அம்மாள் 'பொருள்' வரியைக் கண்டதும் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பதிவேட்டில் எழுதினார்.

"மேடம், அந்த முதல் கடுதாசி?" என்று பத்திரம் போகும்போது மெதுவாகக் கேட்டார்.

"அது என்கிட்டயே இருக்கட்டும். வக்கீலுக்கு நான் போன்ல சொல்லிக்கிறேன். அவரும் கேட்டாரு, இதை எழுதின ஆளு யாருன்னு."

பத்திரம் பள்ளி வாசல் வரை குனிந்தே வந்தார். வாசலைத் தாண்டியதும் மெக்கானிக்கின் காதில், "வக்கீல் விசாரிச்சாராம், கேட்டியா?" என்றார்.

அன்று மத்தியானமே நெட்டச்சி முன் பெஞ்சுக்கு வந்துவிட்டாள். ஓரமாகச் சுவரை ஒட்டி உட்கார்ந்ததால் அவள் உயரம் யாருக்கும் மறைக்கவில்லை. மறுநாள் தேர்வில் எல்லாவற்றையும் கேட்டாள், எல்லாவற்றையும் எழுதினாள். பேச்சுப் போட்டி, தோட்டக் குழு, குழுப்பாட்டு மூன்றிலிருந்தும் பெயரை எடுக்கச் சொன்னாள். மாறுவேடத்தில் மட்டும் இருக்கிறேன் என்றாள். அவளுக்குக் கொடுத்திருந்தது ராணி வேஷமாம்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பத்திரம் வீட்டில் கூடியிருந்தார்கள். தங்கையும் மாமியும் சமையலறையில். மெக்கானிக் பிரிட்ஜுக்குப் பின்னால். நெட்டச்சி மாமாவின் மேசை அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப நல்லாக் கேக்குதா கண்ணு?"

"டீச்சர் முணுமுணுக்குறது கூடக் கேக்குது மாமா. முந்தாநாள் உங்களைப் பத்தித்தான் முணுமுணுத்தாங்க."

"என்னன்னு?"

"அதை விடுங்க. வேற ஒரு விஷயம்." குரலைத் தாழ்த்தினாள். "பக்கத்துல உக்காந்திருக்கிறவ பை வச்சே தள்ளுறா மாமா. தெற்கு எல்லையில நாலு விரக்கடை உள்ள வந்துட்டா. நான் அளந்து பார்த்தேன்."

பத்திரத்தின் முதுகு நிமிர்ந்தது. மூன்று நாளாய் வாடியிருந்த முகத்தில் மறுபடியும் வெளிச்சம் வந்தது. மேசை இழுப்பறையை ஓசைப்படாமல் திறந்தார். ஒரு கெட்டித் தாள் வெளியே வந்தது.

"நாலு விரக்கடைன்னா சும்மா விடக் கூடாது. அவங்க அப்பா பேரு என்ன?"

"அண்ணே!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "பேனாவைக் கீழ வை!"

பத்திரம் காதில் விழாத மாதிரி பேனா மூடியைக் கழற்றினார்.

நெட்டச்சி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "மாமா, எனக்கே கேட்டுச்சு. உங்களுக்குக் கேக்கலையா?"